மேலாளரின் குறைகூறும் மின்னஞ்சலுக்கு எழுதிய மூன்று வரைவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலையில் உள்ள குறையைச் சுட்டிக்காட்டி மேலாளர் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் தடுக்கி விழுகிறார்கள். சிலர் தம் பக்க நியாயங்களை அடுக்கித் தற்காத்துக்கொள்கிறார்கள். சிலர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுத் தம்மைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பார்வைக்கு இவை எதிரெதிரானவை. ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்பது என் கருத்து. இரண்டிலும் எழுதுபவர் தன்னைப் பற்றிப் பேசுகிறார். மேலாளருக்கு அடுத்து என்ன தேவை என்ற கேள்வி விடையில்லாமல் நிற்கிறது. இந்தக் கருத்தை ஒரே ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்க முயல்கிறேன். நிகழ்வு விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டது. அதிலுள்ள சிக்கல்கள் எந்த அலுவலகத்திலும் காணக்கூடியவை.

நிகழ்வின் பின்னணி

ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் நிறுவனத்துக்காகப் புகார்களைக் கையாளும் சேவையை நடத்துகிறது. மாதந்தோறும் 5ஆம் தேதி, முந்தைய மாதம் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தீர்க்கப்பட்டன, எத்தனை நிலுவையில் உள்ளன என்ற அறிக்கையை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். அறிக்கையைத் தயாரிப்பவர் ஓர் ஊழியர். அதற்கான தரவை வேறொரு குழு 3ஆம் தேதிக்குள் தர வேண்டும். இந்த முறை தரவு 6ஆம் தேதி பிற்பகலில்தான் வந்தது. ஊழியர் அன்றிரவே அறிக்கையை முடித்து 7ஆம் தேதி காலை அனுப்பினார். தாமதமாகும் என்று மேலாளரிடம் அவர் சொல்லவில்லை. தரவு எப்படியும் வந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்துவிட்டார்.

அறிக்கையின் நான்காம் அட்டவணையில் தீர்க்கப்பட்ட புகார்களின் எண்ணிக்கை 318 என்று இருந்தது. அது முந்தைய அறிக்கையில் இருந்த எண். பழைய கோப்பை நகலெடுத்துப் புதிய அறிக்கையை உருவாக்கியபோது அந்த ஓர் அட்டவணை மட்டும் பழைய தரவுடனேயே இணைந்திருந்தது. சரியான எண் 286. இந்த அறிக்கைக்குரிய மாதத்தில் வந்த புகார்கள் 340 என்பதால், உண்மையில் 54 புகார்கள் நிலுவையில் இருக்க, அறிக்கை 22 என்று காட்டியது. வாடிக்கையாளர் தம்மிடமிருந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, 8ஆம் தேதி நடந்த கூட்டத்தில் மேலாளரிடம் இதைக் கேட்டார். தவறான எண் நிறுவனத்துக்குச் சாதகமான பக்கத்தில் சாய்ந்திருந்ததை இங்கே கவனிக்க வேண்டும். வேண்டுமென்றே நிலுவையை மறைத்ததாகத் தோன்றக்கூடிய ஒரு பிழைக்கு, எந்தத் தயாரிப்பும் இல்லாமல், அந்த இடத்திலேயே மேலாளர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் மேலாளர் இந்த மின்னஞ்சலை அனுப்பினார். தரக்கட்டுப்பாட்டுக் குழுத் தலைவருக்கும் அதன் நகல் போயிற்று.

“இந்த மாத அறிக்கை எதிர்பார்த்த தரத்தில் இல்லை. நான்காம் அட்டவணையில் போன மாத எண்கள் அப்படியே இருந்தன. வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அறிக்கை இரண்டு நாள் தாமதமாகவும் போயிருக்கிறது. தாமதமாகும் என்று முன்கூட்டியே என்னிடம் சொல்லவில்லை. பொதுவாகவே இந்த வேலையை நீங்கள் முழுப் பொறுப்போடு எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. இது தொடரக் கூடாது.”

மின்னஞ்சலைப் பிரித்துப் படித்தல்

இப்படிப்பட்ட மின்னஞ்சலை முதல் முறை படிக்கும்போது கண் ஒரே ஒரு வாக்கியத்தில் போய் நிற்கும். “முழுப் பொறுப்போடு எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை” என்பதே அது. மற்ற வாக்கியங்கள் வேலையைப் பற்றியவை. இது மட்டும் ஆளைப் பற்றியது. ஆகவே பதில் எழுதும் கையும் இயல்பாகவே அந்த வாக்கியத்துக்கு எதிராகவோ அதற்கு அடிபணிந்தோ எழுதத் தொடங்கும். ஆவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1996இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். பின்னூட்டம் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 600க்கும் மேற்பட்ட முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், சராசரியாகப் பின்னூட்டம் செயல்திறனைக் கூட்டியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு விலகித் தன்னை நோக்கித் திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். நம் நிகழ்வில் அந்த ஒற்றை வாக்கியம் செய்யக்கூடிய வேலையும் அதுதான்.

அதனால் பதில் எழுதுமுன் அந்த மின்னஞ்சலை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் “உண்மை”, “பாதி உண்மை”, “கருத்து” என்று குறித்துக்கொள்வது நல்லது. அட்டவணைப் பிழை உண்மை. அதற்கு ஊழியரே முழுக் காரணம். தாமதமும் உண்மை, ஆனால் அதன் காரணம் வேறொரு குழுவிடம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லாதது உண்மை. அது ஊழியரின் தவறு. பொறுப்பின்மை என்பது மேலாளரின் கருத்து. அது எந்தெந்த நிகழ்வுகளிலிருந்து உருவானது என்று மின்னஞ்சலில் இல்லை.

இப்படிக் குறித்த பிறகு இன்னொரு முறை படித்தால் மேலாளரின் உண்மையான மனக்குறை எங்கே இருக்கிறது என்பது புலப்படும். “வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது”, “முன்கூட்டியே என்னிடம் சொல்லவில்லை” என்ற இரண்டும் ஒரே குறையைத்தான் சொல்கின்றன. தனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று பிறர் வாயிலாகத் தெரியவந்தது என்பதே அந்தக் குறை. அட்டவணையில் ஓர் எண் தவறியதைவிட இதுதான் அவரை உறுத்துகிறது. இதைக் கண்டுகொள்ளாத பதில், எவ்வளவு பணிவாக இருந்தாலும், குறி தவறிய பதில்தான்.

முதல் வரைவு

ஊழியர் அரை மணி நேரத்துக்குள் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த வரைவு இது.

“அறிக்கை தாமதமானதற்குக் காரணம் தரவு 6ஆம் தேதி பிற்பகல்தான் எனக்குக் கிடைத்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இரவு முழுவதும் உட்கார்ந்துதான் அறிக்கையை முடித்தேன். அந்த அவசரத்தில் நான்காம் அட்டவணையில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. இதற்கு முந்தைய அறிக்கைகள் எல்லாம் உரிய நேரத்தில்தான் சென்றுள்ளன. யாரும் குறை சொன்னதில்லை. அப்படியிருக்க, நான் பொறுப்போடு வேலை செய்வதில்லை என்று நகல் வைத்து எழுதியிருப்பது வருத்தமளிக்கிறது.”

இந்த வரைவில் பொய் என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. தற்காப்புப் பதிலின் ஆபத்தே அதுதான். எல்லாம் உண்மையாக இருப்பதால் எழுதுபவருக்கு அதில் குறை தெரிவதில்லை. குறை வரிசையில் இருக்கிறது. மேலாளர் முதலில் எழுப்பியது அட்டவணைப் பிழை. பதிலோ பிறர் மீது பொறுப்புள்ள தாமதத்தில் தொடங்கி, தன் உழைப்புக்குப் போய், அதற்குப் பிறகே பிழையைத் தொடுகிறது. தொடும்போதும் அது “சிறு” பிழையாகிவிடுகிறது. நிலுவையை 32 புகார்கள் குறைத்துக் காட்டிய பிழையை வாடிக்கையாளர் முன் சந்தித்தவருக்கு அது சிறியதாக இருந்திருக்க முடியாது. பிழையின் அளவை மதிப்பிடும் உரிமை அதனால் பாதிக்கப்பட்டவரிடம் இருக்கிறது. செய்தவர் அதைச் சிறிது என்று அழைத்தால் மீதியை அவர் நம்பிக் கேட்பது கடினம்.

“பிழை நேர்ந்துவிட்டது” என்ற அமைப்பையும் பார்க்க வேண்டும். யாரும் செய்யாமல் தானாக நிகழ்ந்ததைப் போன்ற வாக்கியம் அது. நம் அலுவலகக் கடிதங்களில் இது மரியாதையான வழக்காகவே புழங்குகிறது என்றாலும், பிழைக்குக் காரணமானவரே எழுதும்போது நழுவுவதாகத் தெரியும். “நான்காம் அட்டவணையைப் புதிய தரவுடன் நான் இணைக்கவில்லை” என்று எழுதினால் வாக்கியத்துக்குள் ஒரு ஆளும் ஒரு செயலும் வருகின்றன. அதைச் சரிசெய்வது எப்படி என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

கடைசி வாக்கியம்தான் மிகுந்த சேதம் விளைவிப்பது. மேலாளர் நகல் வைத்தது சரியா என்ற கேள்வி நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அதே நகலில் அதை எழுப்பினால், மூன்றாவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலாளரைத் தன் நிலைப்பாட்டைக் காக்கும்படி தள்ளுவதாகும். அதன் பிறகு வரும் பதில்களில் அட்டவணை காணாமல் போய், யார் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது பேச்சாகிவிடும்.

இரண்டாம் வரைவு

முதல் வரைவை அழித்துவிட்டு ஊழியர் மறுகோடிக்குப் போனார்.

“நடந்ததற்கு மிக மிக வருந்துகிறேன். உங்களை வாடிக்கையாளர் முன் இப்படி ஒரு நிலைமைக்கு ஆளாக்கியதை நினைத்தால் மிகவும் வெட்கமாக இருக்கிறது. தாமதம், பிழை எல்லாவற்றுக்கும் நானே முழுப் பொறுப்பு. நீங்கள் சொன்னது போல் நான் பொறுப்போடு நடந்துகொள்ளவில்லை. இனி ஒருபோதும் இப்படி நடக்காது என்று உறுதியளிக்கிறேன். தயவுசெய்து இந்த ஒரு முறை மன்னித்துவிடுங்கள். மீண்டும் என் மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன்.”

இதைப் படிப்பவர்களில் பலருக்கு முதல் வரைவைவிட இது பாதுகாப்பானது என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. இதைப் படித்து முடித்த மேலாளரிடம் திருத்திய எண் இல்லை. பிழை ஏன் வந்தது என்று தெரியாது. வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்பதும் தெரியாது. அவர் செய்யக்கூடிய ஒரே வேலை ஊழியருக்கு ஆறுதல் சொல்வது. குறையைச் சொல்ல வந்தவர் தேற்றும் கடமையோடு திரும்புகிறார். ஒவ்வொரு முறையும் இப்படி நடந்தால், அடுத்த குறையைச் சொல்லவே அவர் தயங்கத் தொடங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையைப் பிற்பாடு ஊழியரே கொடுக்க வேண்டியிருக்கும்.

இதைவிடக் கடுமையான விளைவு ஒன்று உண்டு. “தாமதம், பிழை எல்லாவற்றுக்கும் நானே” என்று எழுதியதால் தரவு மூன்று நாள் தாமதமாக வந்தது என்ற செய்தி முழுவதுமாக மறைந்துவிட்டது. மேலாளர் அந்தக் குழுவிடம் பேச எந்தக் காரணமும் இல்லை. அடுத்த மாதமும் தரவு தாமதமாகவே வரும். “ஒருபோதும் நடக்காது” என்ற உறுதி ஊழியரின் கையில் இல்லாத ஒன்றால் முறியும். மிகையான மன்னிப்பு பணிவின் தோற்றத்தில் காரணத்தைப் புதைத்துவிடுகிறது.

“நான் பொறுப்போடு நடந்துகொள்ளவில்லை” என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நேரத்துச் சங்கடத்தைத் தணிக்க எழுதிய வாக்கியம் ஆண்டு மதிப்பீட்டின்போதும் அஞ்சல் பெட்டியில் இருக்கும். அப்போது அதைப் படிப்பவருக்குப் பின்னணி நினைவில் இருக்காது.

மன்னிப்பே கேட்கக் கூடாதா என்றால், கேட்கத்தான் வேண்டும். எந்த மன்னிப்பு வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. ராய் லெவிக்கி என்ற பேராசிரியரும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது: வருத்தம் தெரிவிப்பது, ஏன் நடந்தது என்று விளக்குவது, பொறுப்பை ஒப்புக்கொள்வது, திரும்பச் செய்யமாட்டேன் என்று சொல்வது, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி வேண்டுவது. கேட்பவர்களிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஒப்புக்கொள்வதே. அதற்கு அடுத்தது சரிசெய்ய முன்வருவது. மிகக் குறைவாக எடுபட்டது மன்னிக்கும்படி வேண்டுவது. இரண்டாம் வரைவில் கடைசிக் கூறு இருமுறை வருகிறது. சரிசெய்வது பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அனுப்புவதற்கு முன் செய்தவை

இரண்டு வரைவுகளையும் ஒதுக்கிவிட்டு ஊழியர் முதலில் ஒரு சிறு பதிலை அனுப்பினார். “உங்கள் மின்னஞ்சலைப் பார்த்தேன், மேடம். நான்காம் அட்டவணையையும் மற்ற அட்டவணைகளையும் மூலத் தரவோடு சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். திருத்திய அறிக்கையோடு இன்று மாலை 4 மணிக்குள் விரிவாக எழுதுகிறேன்.” இந்த மூன்று வரிகள் இரண்டு காரியங்களைச் செய்கின்றன. மேலாளர் பதிலுக்காகக் காத்திருந்து அந்த மௌனத்துக்குத் தாமாக ஒரு பொருள் கற்பித்துக்கொள்வதைத் தடுக்கின்றன. ஊழியருக்குச் சில மணி நேரத்தைப் பெற்றுத் தருகின்றன. நேரம் குறிப்பிடாமல் “விரைவில் எழுதுகிறேன்” என்றால் இந்தப் பயன் கிடைக்காது. குறிப்பிட்ட நேரம் தவறினால் நிலைமை முன்னைவிட மோசமாகும் என்பதால், உறுதியாக முடியக்கூடிய நேரத்தையே எழுத வேண்டும்.

பிறகு அறிக்கை முழுவதையும் மூலத் தரவோடு ஒப்பிட்டார். அப்போது யாரும் கவனிக்காத இன்னொரு பிழை தெரிந்தது. ஆறாம் பக்கத்து வரைபடம் நான்காம் அட்டவணையிலிருந்தே எண்ணை எடுத்துக்கொண்டதால், தீர்வு விகிதம் 84 சதவீதம் என்று காட்ட வேண்டிய இடத்தில் 94 சதவீதம் என்று காட்டியது. இதைத் தாமாகச் சொல்ல வேண்டுமா என்று தயங்குவது இயல்பு. திட்டு வாங்கிய நாளில் இன்னொரு பிழையை யார் கொண்டுபோய் நிறுத்துவார்கள்? ஆயினும் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்றே நான் கருதுகிறேன். மேலாளரின் மனக்குறை, வெளியாள் சொல்லித் தெரிந்துகொள்ள நேர்ந்தது என்பது. அந்த விகிதத்தையும் வாடிக்கையாளரே கண்டுபிடித்தால் அதே காயம் இரண்டாம் முறை படும். ஊழியரே முன்வந்து சொன்னால், முழுவதும் சரிபார்த்தேன் என்ற அவருடைய கூற்றுக்கு அதுவே சான்று.

மூன்றாவதாக, பெறுநர் முகவரியை வெற்றாக விட்டுவிட்டு வரைவை எழுதினார். எழுதி முடிக்காத வரைவு தவறிக்கூடப் போய்விடாது. எழுதி முடித்து, சிறிது நேரம் கழித்து, மேலாளர் குரலில் ஒரு முறை படித்துப் பார்த்தார். இது தேவையற்ற எச்சரிக்கை என்று தோன்றலாம். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்ளி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தம் மின்னஞ்சலின் தொனியைப் பெறுபவர் நான்கில் மூன்று முறைக்கு மேல் சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது பாதியைச் சற்றே தாண்டியது. நம் மனத்தில் ஒலிக்கும் குரல் எழுத்தோடு சேர்ந்து போவதில்லை. மேலாளரின் மின்னஞ்சலில் நமக்குக் கேட்ட கடுமைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அனுப்பிய பதில்

“வணக்கம் மேடம்,

நான்காம் அட்டவணையில் நீங்கள் சுட்டிய பிழை என்னுடையது. போன மாதக் கோப்பை நகலெடுத்தபோது அந்த அட்டவணையைப் புதிய தரவுடன் நான் இணைக்கவில்லை. அனுப்புவதற்கு முன் சரிபார்க்கவும் இல்லை. இதை வாடிக்கையாளர் மூலம் நீங்கள் தெரிந்துகொள்ள நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

சரியான எண் 286 (அறிக்கையில் 318). நிலுவை 54 (அறிக்கையில் 22). முழு அறிக்கையையும் சரிபார்த்தபோது, ஆறாம் பக்க வரைபடத்திலும் இதே பிழை இருப்பதைக் கண்டேன்: தீர்வு விகிதம் 84 சதவீதம் (அறிக்கையில் 94). மற்ற அட்டவணைகள் சரியாக உள்ளன. திருத்திய அறிக்கையையும், வாடிக்கையாளருக்கு அனுப்ப ஏற்றதாக நான்கு வரிக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்துச் சொன்னால் நானே அனுப்புகிறேன். நீங்கள் அனுப்புவது நல்லது என்றால் அப்படியே செய்யலாம்.

தாமதத்தைப் பொறுத்தவரை, 3ஆம் தேதி வர வேண்டிய தரவு 6ஆம் தேதி பிற்பகல் வந்தது. ஆனால் 3ஆம் தேதியே அதை உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் முதல், 3ஆம் தேதி நண்பகலுக்குள் தரவு வரவில்லை என்றால் அன்றே உங்களுக்கு எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு அட்டவணையின் மொத்தத்தையும் மூலத் தரவோடு ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டுத் தாளையும் அறிக்கையோடு உங்களுக்கு அனுப்புகிறேன்.”

இதில் வருத்தம் ஒரே ஒரு முறை வருகிறது. அதுவும் மேலாளருக்கு உறுத்திய அந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. “நடந்த அனைத்துக்கும் வருந்துகிறேன்” என்ற பொதுவான வாக்கியத்தால் இந்தப் பயன் கிடைத்திருக்காது.

முதல் வரைவில் தற்காப்பாக இருந்த “தரவு 6ஆம் தேதி வந்தது” என்ற அதே செய்தி இங்கேயும் இருக்கிறது. இடமும் துணையும் மாறியதால் அது விளக்கமாக நிற்கிறது. தன் தவறு ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே அது வருகிறது. அதை அடுத்து வரும் வாக்கியம் தன் பங்கையும் சேர்த்துச் சொல்கிறது. “தான்” என்ற அழுத்தம் நீங்கியிருக்கிறது. இரவு முழுவதும் விழித்த கதையும் இல்லை. தாமதமாகத் தரவு தந்த குழுவைப் பற்றி எந்த மதிப்பீடும் இல்லை. தேதி மட்டுமே இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்பது மேலாளர் முடிவு.

வாக்குறுதிகளைப் பார்த்தால், இரண்டும் ஊழியரின் கைக்குள் இருப்பவை. தாமதமே ஆகாது என்று அவர் சொல்லவில்லை. தாமதமாகும் நிலை வந்தால் இன்ன நாள் இன்ன நேரத்துக்குள் சொல்வேன் என்கிறார். நிறைவேறியதா இல்லையா என்பதை அடுத்த மாதம் 3ஆம் தேதி யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். வாக்குறுதி மெய்யானதா என்று அறிய நான் நம்பும் சோதனை இதுதான்: அது மீறப்பட்டால் எந்த நாளில் தெரியும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அது வெறும் ஆறுதல்.

பதிலில் இல்லாததும் முக்கியமானது. பொறுப்பின்மை பற்றிய வாக்கியத்துக்கு இதில் மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. நகல் பெற்றவரையும் சேர்த்து அனுப்பிய இந்தப் பதிலில் உண்மைகளும் திருத்தமும் மட்டுமே போயின. நகல் பெற்றவரை நீக்கிவிட்டு அனுப்பியிருந்தால், பிழை திருத்தப்பட்டது என்று அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். குற்றச்சாட்டு மட்டும் அவர் நினைவில் தங்கும். தனிமனித மதிப்பீட்டைப் பற்றி ஊழியர் மேலாளருக்கு மட்டும் தனியாக எழுதினார்.

“முழுப் பொறுப்போடு எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், மேடம். அதைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த அறிக்கையைத் தவிர வேறு எந்தெந்த இடங்களில் உங்களுக்கு அப்படித் தோன்றியது என்று தெரிந்தால், அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும். இந்த வாரம் 15 நிமிடம் பேச முடியுமா?”

இதே கேள்வியை “எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்?” என்றும் கேட்கலாம், அப்படிக் கேட்டால் அது சான்று கேட்கும் வழக்காடல். மேலே உள்ள வடிவத்தில் கேள்விக்கான காரணமும் சேர்ந்தே வருவதால் மேலாளர் பதில் சொல்ல இடம் கிடைக்கிறது. இந்த உரையாடலை நேரில் வைத்துக்கொள்ளக் கேட்டதும் சரியானதே. எண்களை எழுத்தில் பேசுவது எளிது. ஒருவரைப் பற்றிய எண்ணத்தை எழுத்தில் பேசினால் ஒவ்வொரு சொல்லும் இறுகிவிடும்.

அதன் பிறகு

மேலாளரின் பதில் சுருக்கமாக இருந்தது. “சரி. வாடிக்கையாளருக்கு நானே அனுப்புகிறேன். தரவுக் குழுவிடம் பேசுகிறேன். இதை 3ஆம் தேதியே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.” கடைசி வாக்கியத்தில் இன்னும் ஒரு முள் இருக்கிறது. அதைப் பார்த்ததும் மீண்டும் ஒரு முறை வருத்தம் தெரிவிக்கவோ, ஏன் சொல்லவில்லை என்று விளக்கவோ கை பரபரக்கும். இரண்டும் தேவையில்லை, முதல் பதிலே அதை ஒப்புக்கொண்டுவிட்டது. “நன்றி மேடம். அடுத்த மாதம் அப்படியே செய்கிறேன்” என்பதோடு ஊழியர் நிறுத்திக்கொண்டார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நல்ல பதில்களும் கெட்டுப்போகின்றன.

நேரில் பேசியபோது, பொறுப்பின்மை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தது. முன்பு இரண்டு கூட்டங்களில் எண்களைப் பற்றிக் கேட்டபோது, “அதைத் தரவுக் குழுவிடம்தான் கேட்க வேண்டும்” என்று ஊழியர் சொல்லியிருந்தார். அவர் அதை உண்மையான தகவலாகச் சொன்னார்; மேலாளர் காதில் அது கைகழுவுவதாக விழுந்தது. மேலாளரின் கருத்தில் ஒரு பகுதி நியாயமானது, ஒரு பகுதி தவறான புரிதல். முதல் வரைவு போயிருந்தால் இந்த இரண்டு கூட்டங்களைப் பற்றி ஊழியர் அறிந்திருக்கவே மாட்டார். இரண்டாம் வரைவு போயிருந்தால், என்னவென்று தெரியாமலே ஒன்றை ஒப்புக்கொண்டவராக இருந்திருப்பார்.

அடுத்த மாதம் 3ஆம் தேதி நண்பகல் வரை தரவு வரவில்லை. 12 மணிக்கு ஊழியர் மேலாளருக்கு இரண்டு வரி எழுதினார். தரவு மாலையில் வந்தது. அறிக்கை 5ஆம் தேதி ஒப்பீட்டுத் தாளோடு போயிற்று.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

மேலாளர் சொன்னது அடிப்படையிலேயே தவறாக இருந்தால் வரிசை மாற வேண்டும். நான்காம் அட்டவணை சரியாகவே இருந்து, மேலாளர் பழைய பதிப்பைத் திறந்து பார்த்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது செய்யாத தவறுக்கு வருத்தம் தெரிவித்துத் தொடங்குவது பொய். “7ஆம் தேதி காலை அனுப்பிய பதிப்பில் எண் 286 என்று உள்ளது, அதை மீண்டும் இணைத்திருக்கிறேன். கூட்டத்தில் பார்த்தது முந்தைய பதிப்பாக இருக்கலாம், கோப்பின் பெயரில் தேதி சேர்த்தால் இனி இந்தக் குழப்பம் வராது” என்ற அளவே போதும். உண்மையும் இணைப்பும் முன்னே நின்றால், “நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள்” என்று எழுதத் தேவையே இல்லை.

இழிவான சொற்களோ மிரட்டலோ உள்ள மின்னஞ்சலையும், ஒழுங்கு நடவடிக்கையின் தொடக்கமாக வரும் அறிவிப்பையும் இந்த முறையில் கையாளக் கூடாது. அவை பின்னூட்டம் அல்ல. அவற்றுக்குப் பதில் எழுதுமுன் மனிதவளப் பிரிவின் விதிகளைப் படித்து, தகுந்தவரிடம் ஆலோசனை கேட்க வேண்டும். அங்கே ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேறு எடை உண்டு.

அதே பிழை இரண்டாம் முறை நடந்தால் முதல் முறை எழுதிய பதிலின் அமைப்பு உதவாது. ஒப்பீட்டுத் தாள் இருந்தும் இன்னொரு மாதம் பழைய எண் போய்விட்டது என்றால், மேலாளருக்கு வேண்டியது அந்தத் தாள் ஏன் பிழையைப் பிடிக்கவில்லை என்ற விளக்கம்: தாள் நிரப்பப்படவில்லையா, நிரப்பிய பிறகு அட்டவணை மாறியதா, ஒப்பிட்ட மூலமே பழையதா என்பதில் ஒன்று. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை, “சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், 4 மணிக்குள் எழுதுகிறேன்” என்ற சிறு பதிலைத் தாண்டி எதையும் எழுதாமல் இருப்பதே நல்லது.